கிட்ட வீடு, எட்ட வீடு: வேன் வாடகையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: ஐயா, ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேன் பேசியிருக்கிறோம். மொத்தம் எட்டுப் பிள்ளைகள், மாதம் 14,000. எல்லா வீடும் ஒரே சாலையில்தான். எங்கள் வீடு பள்ளியிலிருந்து 3 கி.மீ. அடுத்து 5 கி.மீ.யில் இரண்டு வீடு. அப்புறம் 8, 10, 12 கி.மீ.யில் ஒவ்வொரு வீடு. 5 கி.மீ. வீடு ஒன்றிலும் 10 கி.மீ. வீட்டிலும் இரண்டிரண்டு பிள்ளைகள், மற்ற வீடுகளில் ஒன்று. இதுவரை தலைக்கு 1,750 என்று சமமாகக் கொடுத்து வந்தோம். மூன்று கி.மீ.க்கும் பன்னிரண்டு கி.மீ.க்கும் ஒரே காசா, கி.மீ. கணக்கில் பிரிப்போம் என்று நான் சொன்னேன். கடைசி வீட்டுக்காரர், "சீட்டு எல்லாருக்கும் ஒன்றுதானே? அதிலும் என் பிள்ளைதான் முதலில் ஏறி அவ்வளவு நேரம் உட்கார்ந்து வருகிறது" என்கிறார். பேச்சு அதோடு நிற்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: வணக்கம். செலவுக் கணக்கு பார்ப்பதே என் தொழில் என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. அந்தப் பாதியை முழுசாக நினைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்ப்போம். அவரவர் கேட்கும் கணக்கு கடைசியில் அவரவர் தலையிலேயே விடிகிறது.

முதலில் சமப் பங்கு. நீங்கள் இப்போது 1,750 கொடுக்கிறீர்கள். மூன்று கி.மீ.தானே, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், "இந்தக் காசுக்கு நானே வண்டியில் கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்று விலகுவீர்கள். வேன் அப்போதும் 12 கி.மீ. போய்த்தான் ஆக வேண்டும், ஆகவே வாடகை அதே 14,000. மிச்சமிருக்கும் ஏழு பிள்ளைகளுக்குத் தலைக்கு 2,000 ஆகிறது. இப்போது 5 கி.மீ. வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள். அதில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் வேறு, அவர்களுக்கு 4,000. அந்த இரண்டு வீடும் கழன்றுகொண்டால் மிச்சம் நாலு பிள்ளைகள், தலைக்கு 3,500. "சீட்டு எல்லாருக்கும் ஒன்றுதானே" என்ற கடைசி வீட்டுக்காரர் 1,750-இல் ஆரம்பித்து 3,500-இல் வந்து நிற்பார். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி நீங்கள் கேட்கும் கி.மீ. கணக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தூரத்தைப் போட்டுக் கூட்டினால் 3, 5, 10, 8, 20, 12 என்று மொத்தம் 58 வருகிறது. 14,000-ஐ 58-ஆல் வகுத்தால் கி.மீ.க்கு 241 சொச்சம். உங்களுக்கு 724 மட்டும். 10 கி.மீ. வீட்டுக்கோ இரண்டு பிள்ளைகளுக்கு 4,828. அவர்கள் எத்தனை மாதம் பொறுப்பார்கள்? அவர்கள் போனால் வேன் இன்னும் 12 கி.மீ. போக வேண்டியதுதான், கி.மீ.க்கு 368 ஆகிவிடும், கடைசி வீட்டுக்கு 4,421. அவரும் போய்விடுவார். வேன் 8 கி.மீ.யோடு நிற்கும். அந்தத் தூரத்துக்கு டிரைவர் 12,000 கேட்பார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள 26 கி.மீ.க்கு அதைப் பிரித்தால் உங்கள் பங்கு 1,385. நான் கீழே சொல்லப்போகும் கணக்கில் உங்களுக்கு வருவது 1,250. அதாவது நீங்கள் கேட்ட கணக்கு உங்களுக்கே கூடுதலாக முடிகிறது.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். பல வருஷம் முன்பு நாங்கள் நாலு பேர் சேர்ந்து அலுவலகத்துக்கு ஒரு கார் வைத்திருந்தோம். கி.மீ. கணக்குதான் நியாயம் என்று சொன்னது நான், ஏனென்றால் என் வீடு பக்கம். ஐந்தாவது மாதம் தூரத்து ஆள் "பஸ்ஸே போதும்ப்பா" என்று இறங்கிக்கொண்டார். வாடகை கொஞ்சம்தான் குறைந்தது. மூன்று பேர் தலையில் விழுந்தது கொஞ்சமில்லை.

இந்த இரண்டு கணக்கிலும் கோளாறு எங்கே? வேன் வாடகையை ஒரே மூட்டையாகப் பார்ப்பதில்தான். அதற்குள் இரண்டு விதச் செலவு இருக்கிறது. டிரைவர் காலையும் மாலையும் வந்து நிற்பதற்கான கூலி, வண்டிக் கடனின் தவணை, இன்சூரன்ஸ், வரி, இவையெல்லாம் வேன் மூன்று கி.மீ. ஓடினாலும் பன்னிரண்டு கி.மீ. ஓடினாலும் மாறாதவை. இதை நிற்கும் செலவு என்று வைத்துக்கொள்வோம். டீசல், டயர் தேய்மானம், ஆயில், சர்வீஸ் எல்லாம் ஓட ஓடக் கூடுபவை, அது ஓடும் செலவு. நிற்கும் செலவைப் பொறுத்தவரை கடைசி வீட்டுக்காரர் சொல்வது சரி: சீட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். ஓடும் செலவில் நீங்கள் சொல்வதில் பாதி சரி.

எது எவ்வளவு என்பதை யாரும் ஊகிக்க வேண்டாம். டிரைவரிடமே கேட்கலாம், ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "அண்ணே, டீசலுக்கு எவ்வளவு ஆகுது?" என்று கேட்டால் அன்றைக்கு டீசல் விலை ஏறின கோபம்தான் பதிலாக வரும். இப்படிக் கேளுங்கள்: "பிள்ளைகள் இதே எட்டுப் பேர்தான். ஆனால் கடைசி வீடு 12 கி.மீ.யில் இல்லாமல் 8 கி.மீ.யிலேயே முடிந்துவிட்டால் மாதம் எவ்வளவு வாங்குவீர்கள்?" பிள்ளைகள் எண்ணிக்கையை மாற்றாமல் கேட்பது அவசியம். இல்லாவிட்டால் இரண்டு வீடு போகப்போகிறது என்று பயந்து ஒரு எண்ணைச் சொல்லுவார். அவர் 12,000 என்றார் என்று வைப்போம். நாலு கி.மீ. குறைந்ததற்கு 2,000 குறைத்திருக்கிறார், ஆக கி.மீ.க்கு 500. பன்னிரண்டு கி.மீ.க்கு ஓடும் செலவு 6,000. மிச்சம் 8,000 நிற்கும் செலவு.

அவர் சொன்ன எண் நம்பும்படி இருக்கிறதா என்று ஒரு சின்ன சோதனையும் போட்டுப் பார்க்கலாம். சாலையில் ஒரு கி.மீ. என்றால் வண்டிக்குக் காலையில் போக ஒன்று, திரும்பி வர ஒன்று, மாலையிலும் அப்படியே, ஆக ஒரு நாளைக்கு 4 கி.மீ. மாதம் 22 பள்ளி நாள் என்றால் 88 கி.மீ. 500-ஐ 88-ஆல் வகுத்தால், ஓடும் ஒவ்வொரு கி.மீ.க்கும் 5.70 போல வருகிறது. உங்கள் ஊர் எரிபொருள் விலையை அந்த வேனின் மைலேஜால் வகுத்துப் பாருங்கள். டிரைவர் சொன்ன கணக்கு அதைவிட ஓரளவு மேலே இருக்க வேண்டும், டயரும் சர்வீஸும் அதில் அடக்கம். எரிபொருள் செலவுக்கும் கீழே இருந்தால் அவர் யோசிக்காமல் சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று மடங்கு மேலே இருந்தால், தன் கூலியையும் தூரத்து வீடுகள் மேல் ஏற்றிச் சொல்கிறார் என்று அர்த்தம். இரண்டிலும் இன்னொரு தடவை நிதானமாகக் கேளுங்கள்.

சரி, இப்போது பிரிப்போம். நிற்கும் செலவு 8,000, எட்டு சீட்டு, சீட்டுக்கு 1,000. இதில் கிட்ட, எட்ட என்ற பேச்சே இல்லை. நீங்கள் கேட்ட 724 ஏன் நிற்காது என்பது இங்கேதான் தெரிகிறது. உங்கள் பிள்ளை உட்காரும் சீட்டின் செலவுக்குக்கூட அது வராது, மிச்சத்தை மற்றவர்கள்தான் கட்டுகிறார்கள்.

ஓடும் செலவுக்கு ஒரு தாளில் நேர்க்கோடு ஒன்று போடுங்கள். ஒரு முனையில் பள்ளி, மறுமுனையில் 12 கி.மீ. வீடு. நடுவில் 3, 5, 8, 10 என்று புள்ளி வையுங்கள். கோடு ஐந்து துண்டாகிவிடும். விதி ஒன்றே ஒன்று: ஒரு துண்டின் செலவை அந்தத் துண்டு இல்லாமல் பள்ளிக்கு வர முடியாத வீடுகள் மட்டும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியிலிருந்து உங்கள் வீடு வரையுள்ள முதல் 3 கி.மீ.க்குச் செலவு 1,500. ஆறு வீட்டுக்கும் அந்தத் துண்டு தேவை, வீட்டுக்கு 250. அடுத்த 2 கி.மீ.க்கு 1,000. அதில் உங்களுக்கு வேலையில்லை, மற்ற ஐந்து வீடும் 200 வீதம். ஐந்திலிருந்து எட்டு வரை 1,500, மூன்று வீடு, வீட்டுக்கு 500. எட்டிலிருந்து பத்து வரை 1,000, இரண்டு வீடு, மறுபடியும் 500. கடைசி 2 கி.மீ.க்கு 1,000. அது கடைசி வீட்டுக்காரருக்காக மட்டும் ஓடும் ஓட்டம், அவர் மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

சீட்டுக் காசையும் சேர்த்தால் உங்கள் வீட்டுக்கு 1,250. ஐந்து கி.மீ.யில் ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு 1,450, இரண்டு பிள்ளை உள்ள வீட்டுக்கு 2,450. எட்டு கி.மீ. வீட்டுக்கு 1,950. பத்து கி.மீ. வீட்டுக்கு இரண்டு பிள்ளைக்குமாக 3,450. பன்னிரண்டு கி.மீ. வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு 3,450. கூட்டிப் பாருங்கள், சரியாக 14,000 வரும். கடைசி இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகை வருவது தற்செயல்தான். ஆனாலும் காரணம் விளங்குகிறது: ஒருவர் கூடுதலாக ஒரு சீட்டு எடுக்கிறார், மற்றவர் அதே விலைக்குக் கூடுதலாக ஒரு துண்டுச் சாலை எடுக்கிறார்.

இது நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த முறை இல்லை. பொருளியலில் விமான நிலையக் கணக்கு என்று ஒன்று உண்டு. சின்ன விமானத்துக்குக் குட்டை ஓடுபாதை போதும், பெரிய விமானத்துக்கு நீளமானது வேண்டும். ஒரே ஓடுபாதையை எல்லாரும் பயன்படுத்தினால் யாரிடம் எவ்வளவு வாங்குவது? பாதையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் அது தேவைப்படும் விமானங்கள் மேல் மட்டும் சமமாகப் போடுவதுதான் விடை. உங்கள் சாலையும் ஓடுபாதை மாதிரிதான். லாயிட் ஷேப்லி என்ற கணிதவியலாளர் 1953-இல் கூட்டுச் செலவையும் கூட்டு லாபத்தையும் நியாயமாகப் பங்கிட ஒரு வழி சொன்னார். 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். அவருடைய வழி பார்க்கப் பெரிய கணக்கு. ஆனால் ஓடுபாதை போன்ற விஷயத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் இந்தத் துண்டுக் கணக்கே விடையாக வருகிறது என்று லிட்டில்சைல்ட், ஓவன் என்ற இருவர் 1973-இல் காட்டினார்கள்.

ஷேப்லி சொன்னதன் சாரம் இதுதான். வீடுகள் ஒவ்வொன்றாக வேனில் சேர்கின்றன என்று வையுங்கள். புதிதாகச் சேர்பவர், தன்னால் எவ்வளவு செலவு கூடியதோ அதைக் கொடுக்கிறார். ஆனால் யார் முதலில் சேர்ந்தார் என்பது யோகத்தைப் பொறுத்தது, ஆகவே எல்லா வரிசையையும் போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். உங்கள் வீடும் கடைசி வீடும் மட்டும் இருந்தால் பாருங்கள். ஓடும் செலவு 6,000. நீங்கள் முதலில் சேர்ந்தால் உங்களுக்கு 1,500, பின்னால் வரும் அவருக்கு மிச்சம் 4,500. அவர் முதலில் சேர்ந்தால் அவரே 6,000 கட்டிவிடுகிறார். வேன் எப்படியும் உங்கள் வாசல் வழியாகப் போகிறது, உங்களுக்குச் சல்லிக்காசு இல்லை. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் உங்களுக்கு 750, அவருக்கு 5,250. துண்டுக் கணக்கிலும் அதேதான்: முதல் 3 கி.மீ.யின் 1,500-இல் பாதி உங்களுக்கு, மற்றதெல்லாம் அவருக்கு. "வேன் எப்படியும் என் வாசல் வழியாகத்தானே போகுது, நான் எதுக்குக் கொடுக்கணும்" என்று கேட்பவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த வாதம் இந்த இரண்டு வரிசைகளில் ஒன்றில்தான் பலிக்கும்.

இனி, கணக்குப் போடும் முன் நீங்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டிய ஒன்று: டிரைவர் வீடு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் யாரும் இதைக் கேட்பதில்லை. அவர் வீடு கடைசி வீட்டுக்கும் அந்தப் பக்கம் இருந்தால் காலையில் வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது, மாலையில் அங்கேதான் போய் நிற்கிறது. அப்படியானால் கடைசி 2 கி.மீ.யை அவர் யாருக்காகவும் ஓடவில்லை, வேலைக்கு வந்து போகிறார். கடைசி வீட்டுக்காரரிடம் அதற்கு 1,000 வாங்குவது அநியாயம். டிரைவர் பள்ளிப் பக்கத்தில் குடியிருந்தால் கதையே வேறு, மேலே போட்ட கணக்கு அப்படியே நிற்கும். இதற்கும் அதே கேள்விதான் உதவும். "கடைசி வீட்டை விட்டுவிட்டு 10 கி.மீ.யோடு முடித்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். "எப்படியும் அந்த வழியாத்தானே வர்றேன், என்ன குறைக்கிறது?" என்றால் அந்தத் துண்டு நிற்கும் செலவோடு சேர்ந்து எட்டு சீட்டுக்கும் பரவ வேண்டும். நான் 8 கி.மீ. வரைக்கும் என்று ஒரே ஒரு தடவை கேட்கச் சொன்னேன். டிரைவர் வீடு தூரத்துப் பக்கம் என்றால் 10-க்கும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். செல்போன் வரைபடம் தூரத்தை மட்டும்தான் காட்டும். எந்தத் தூரத்துக்குக் காசு என்பது டிரைவருக்குத்தான் தெரியும்.

அடுத்து வரப்போகும் சண்டை, ஓடும் செலவை வீட்டுக்குப் போடுவதா, பிள்ளைக்குப் போடுவதா என்பது. நான் வீட்டுக்குப் போட்டிருக்கிறேன். ஒரே வாசலில் ஒரு பிள்ளை ஏறினாலும் இரண்டு ஏறினாலும் வேன் ஒரு மீட்டர்கூட அதிகம் ஓடுவதில்லை. இரண்டாவது பிள்ளைக்கு இன்னொரு சீட்டு வேண்டும், அதற்கு 1,000 வாங்கிவிட்டோம். பிள்ளைக் கணக்கில் போட்டால் 10 கி.மீ. வீட்டுக்குச் சுமார் 630 ஏறும், கடைசி வீட்டுக்குச் சுமார் 410 இறங்கும். கடைசி வீட்டுக்காரர் அதைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். இதில் இரண்டு பக்கமும் பேச இடமுண்டு, நீங்கள் கூடிப் பேசி எதை வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் "நாங்களும் ஒரே வாசல்தான்" என்று ஒரு பங்கோடு நழுவப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாசல் ஒன்றானாலும் குடும்பம் இரண்டு, பங்கும் இரண்டு.

சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் வீடு வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. வேன் என்றால் அது வராமல் இருக்காது. ஐந்து கி.மீ. புள்ளியிலிருந்து ஒரு சந்துக்குள் 1 கி.மீ. போய் இருக்கும் வீடு ஒன்று சேர்கிறது என்று வைப்போம். சந்துக்குள் போக ஒன்று, வர ஒன்று. நேர்ச்சாலையில் ஒரு கி.மீ.க்கு வண்டி ஓடும் ஓட்டமும் அதே அளவுதான், ஆகவே டிரைவர் 500 கூட்டி 14,500 கேட்பார். அந்த 500 முழுசும் சந்து வீட்டுக்காரருடையது. சாலையில் முதல் இரண்டு துண்டிலும் அவருக்குப் பங்கு, சீட்டிலும் பங்கு. எல்லாம் சேர்த்து அவருக்கு 1,770 வரும். உங்களுக்கு 1,250 இருந்தது 1,103 ஆகும். மற்ற எல்லாருக்கும் கொஞ்சம் இறங்கும். ஒரு வீடு புதிதாகச் சேர்ந்து யாருக்காவது பங்கு ஏறினால் கூட்டலில் தப்பு இருக்கிறது, இல்லையென்றால் சந்தின் செலவை யாரோ பொதுவில் கலந்துவிட்டார்கள். ஆனால் காசு குறைகிறதே என்று வேனில் உள்ள சீட்டுக்கு மேல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

காலை மட்டும் ஏறும் பிள்ளைக்கு ஓடும் செலவில் பாதி வாங்கலாம், சீட்டுக் காசு முழுசு, மாலையில் அந்தச் சீட்டில் வேறு பிள்ளை ஏறப்போவதில்லை. நீண்ட விடுமுறை மாதத்தில் டிரைவர் முழு வாடகை கேட்டால், ஓடும் செலவான 6,000-ஐக் குறைக்கச் சொல்லிப் பேசலாம், நிற்கும் செலவைக் குறைக்கச் சொல்வது சரியில்லை. விலகுகிறவர் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். இவற்றை இப்போதே ஒரு தாளில் எழுதி ஆறு பேரும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வீட்டுப் பிள்ளை முதலில் ஏறி வெகுநேரம் உட்கார்ந்து வருகிறது என்பது உண்மையான கஷ்டம்தான். ஆனால் அதனால் வேனுக்கு ஒரு காசும் கூடவில்லை, குறையவுமில்லை, அதை வாடகையில் கழிக்க முடியாது. அந்தக் கஷ்டத்தைக் குறைக்க மற்றவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஹாரன் அடித்தபிறகு ஷூ லேஸ் கட்டாமல், வேன் வரும்போது வாசலில் நிற்பது. கிட்ட வீட்டுக்காரர்கள்தான் இதில் பெரும்பாலும் தாமதம். நீங்கள் அப்படியில்லை என்று நம்புகிறேன்.

இனி நடக்கவேண்டிய பேச்சு. பழைய சமப் பங்கோடு ஒப்பிட்டால் உங்களுக்கு 500 குறைகிறது. ஐந்து கி.மீ.யில் ஒருவருக்கு 300, மற்றவருக்கு 1,050 குறைகிறது. எட்டு கி.மீ. வீட்டுக்கு 200 ஏறுகிறது. பத்து கி.மீ. வீட்டுக்கு 50 குறைகிறது. கடைசி வீட்டுக்கு மட்டும் 1,750 இருந்தது 3,450 ஆகிறது, ஏறத்தாழ இரட்டிப்பு. இதை அவரிடம் எல்லார் முன்னாலும் தாளை நீட்டிச் சொல்லாதீர்கள். தனியாக, டிரைவர் வீடு எங்கே என்பதை விசாரித்து முடித்தபிறகு, அந்தக் கோட்டை வரைந்து காட்டிப் பேசுங்கள். சமப் பங்கில் விட்டால் ஒவ்வொருவராக விலகி அவருக்கே 3,500 ஆகும் என்ற எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒரே மாதத்தில் ஏற்றாமல் மூன்று மாதத்தில் படிப்படியாக ஏற்றுவதற்கு நீங்கள் ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால் நல்லது.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அவர் வீட்டுப் பக்கத்தில் இதே பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை வேனில் சேர்ந்தால், வாடகை 14,000-இலேயே நிற்கும், வேன் கூடுதலாக ஓடப்போவதில்லை. கடைசித் துண்டின் 1,000-ஐ இரண்டு பேர் பிரித்துக்கொள்வார்கள், மற்றத் துண்டுகளிலும் சீட்டிலும் ஒரு பங்கு கூடும். அவருக்கு 3,450 இருந்தது சுமார் 2,480 ஆகும். சமப் பங்கில் அதே பிள்ளை சேர்ந்தால் அவருக்குக் குறைவது 200-க்கும் கீழே. ஆள் தேடித் தர அவருக்கு இப்போது நல்ல காரணம் இருக்கிறது. பள்ளி வாசலில் மாலையில் காத்து நிற்கும் பெற்றோரிடம், எந்தப் பக்கம் வீடு என்று அவரே விசாரிக்கத் தொடங்கட்டும்.